என் கையெழுத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். அதுதான் வினை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கரும்பலகையில் தினமும் தேதியும் நல்வாக்கியமும் எழுதுவது நான்தான். கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகு அந்தக் கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதினேன். பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் என் கணவர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டார்.

"இதுல எங்கெங்க பென்சில்ல புள்ளி வெச்சிருக்கேனோ அங்கெல்லாம் கையெழுத்துப் போடு."

அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அரசாங்க உதவி பெறும் பள்ளி. வாத்தியார் தன் பேரில் வியாபாரம் பண்ணக் கூடாது, தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. ஆனால் கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் சின்னக் கடை ஒன்று வாடகைக்கு வந்தது. பள்ளிக்கூட யூனிபார்ம் ரெடிமேடாகத் தைத்து விற்கலாம் என்று அவருக்கு ஆசை. ஊரில் அம்புட்டு வாத்தியார்களும் அப்படித்தானே செய்கிறார்கள்? பேர் பொண்டாட்டியுடையது, கல்லாப்பெட்டி புருஷனுடையது. மாநகராட்சி லைசென்சில் என் பெயர். விற்பனை வரிப் பதிவில் என் பெயர். வாடகைப் பத்திரத்தில் என் பெயர். போட்டேன். புள்ளி வைத்த இடத்திலெல்லாம் போட்டேன். ஒன்றையாவது படித்துப் பார்த்தேனா என்றால் இல்லை. அதற்காக என்னை நானே இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கடைசியாக ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார். "இதை நீயே எழுதிடு. உன் எழுத்து அழகா இருக்கும். கடையில எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டணுமாம், சட்டம்."

வாராந்திர விடுமுறை நாள், ஞாயிற்றுக்கிழமை. கீழே, கடை முதலாளி. அதற்குக் கீழே என் கையெழுத்து. கறுப்பு மையில் எழுதி, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றதும் எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது. காலையில் ஆராதனை, மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் பிள்ளைகளோடு எங்கேயாவது போவது. கர்த்தருடைய நாளில் நம் கடை அடைத்திருக்கும் என்று பெருமைப்பட்டேன். சரியான மடச்சி.

அந்தக் கடையில் நான் உட்கார்ந்ததே இல்லை. "குடும்பப் பொம்பளை கல்லாவுல உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்பார் அவர். பகலில் என் கொழுந்தன் உட்காருவார். அவர் எட்டாவது பெயிலாகி எந்த வேலையும் தங்காமல் சுற்றிக்கொண்டிருந்தவர். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் என் கணவர் போய்விடுவார். துணி எடுத்துக் காட்ட, அளவு பார்க்க, மடித்து வைக்க ஒரே ஒரு ஆள். ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண். முப்பது வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முதலாளியம்மா!

விஷயம் எனக்குத் தெரிந்தது ஆலயத்தில் வைத்து. ஆடி மாதம். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் கணவர் உள்ளே காணிக்கைப் பையை எண்ணிக்கொண்டிருந்தார், அவர் கமிட்டி மெம்பர். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சொன்னாள்: "உங்க கடையில தச்ச தையல் நல்லாருக்கு. இப்பத்தான் வார வழியில பையனுக்கு டவுசர் எடுத்துட்டு வந்தோம்."

"இப்பவா? இன்னிக்கு லீவாச்சே."

"ஐய, என்ன நீங்க, கதவைப் பாதி இறக்கி வெச்சிருக்காங்க, குனிஞ்சு போனா எல்லாம் கிடைக்குது. ஞாயித்துக்கிழமைதானே எங்களுக்கும் நேரம் ஒழியுது!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். பிள்ளைகளை அவரோடு விட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லி ரிக்‌ஷா பிடித்து நேரே கடைக்குப் போனேன்.

அந்தச் சந்து முழுக்க அப்படித்தான் இருந்தது. எல்லா ஷட்டரும் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன, எல்லாவற்றின் அடியிலும் டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. எங்கள் கடைக்குள் குனிந்து நுழைந்தேன். சேலை மண்ணில் புரண்டது. கொழுந்தன் சாப்பிடப் போயிருந்தார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டைகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே நான் எழுதிய அட்டை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சிவப்புக் கோடு கொஞ்சமும் மங்கவில்லை.

அவள் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "துணி எடுக்க வந்தேன்" என்றாள்.

"என்னது?"

"ஐயோ, அக்காவா! ஆபீசருன்னு நெனச்சிட்டேன்." நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆபீசர் யாராச்சும் வந்தா அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் பையைக் கிட்டயே வெச்சிருக்கது."

பாருங்கள் இந்தப் படிப்பை! என் கணவர் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பும் எடுப்பவர்.

"எப்பலருந்து ஞாயித்துக்கிழமை வாரே?"

"சித்திரைத் திருவிழா முடிஞ்சதுலருந்துக்கா. பள்ளிக்கூடம் தொறக்கற சீசனுக்கு மட்டும்னாங்க. அப்புறம் அப்படியே பழகிப்போச்சு. இன்னியோட பதினோரு ஞாயிறு."

"அதுக்குப் பதிலா வேற நாள் லீவு விடுறாங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள். பதினோரு வாரமாக ஒரு நாள் விடாமல் காலை ஒன்பதுக்கு வந்து ராத்திரி ஒன்பதுக்குப் போகிறாள். மத்தியானச் சோறு நின்றுகொண்டே, வாடிக்கையாளர் வராத நேரமாகப் பார்த்து.

நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்னும் கூசுகிறது. "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா என்ன செய்வே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். லீவு கேட்க ஒரு நல்ல காரணம் வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. "தலைக்கு ஊத்தணும்க்கா. ராத்திரி போயி ஊத்துனா முடி காயமாட்டேங்குது, ஈரத்தோட படுத்துப் படுத்துச் சளி பிடிச்சிருச்சு." பிறகு சட்டையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பிள்ளையும் எங்கிட்ட ஒட்ட மாட்டேங்குது. நான் கிளம்புறப்பவும் தூங்குது, வாரப்பவும் தூங்குது. போன வாரம் முழிச்சிருந்துச்சு. என்னையப் பாத்துட்டு பக்கத்து வீட்டுக்காரி பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிருச்சு."

நான் குனிந்து வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஷட்டருக்கு அடியில் அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

அன்றைக்கு மத்தியானம் கறிச்சோறு பரிமாறிக்கொண்டே கேட்டேன். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"சந்துல எல்லாரும் தொறக்குறான். நாம மட்டும் பூட்டிட்டு வேடிக்கை பாக்கணுமா?"

"அப்ப வேற ஒரு நாள் அவளுக்கு லீவு விடுங்க."

"வேற நாள் விட்டா அன்னிக்கு யாரு துணி காட்டுவா? நீ போறியா?"

"போறேன்."

"பேசாம சோத்தைப் போடு. அவளே கேக்கல, உனக்கென்ன வந்துச்சு?"

அவளே கேட்கவில்லையாம்! கேட்டால் வேலை போகும் என்று தெரிந்தவள் எப்படிக் கேட்பாள்? ஆனாலும் சோற்றைப் போட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். கரண்டியைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எறியவில்லை. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாய் திறக்கவில்லை. எனக்கு முன் வரிசையில் என் கணவர் சத்தமாகப் பாடினார். ஓய்வுநாளைப் பற்றிப் போதகர் பேசியபோது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அதே நேரம் என் கையெழுத்துக்குக் கீழே அவள் பன்னிரண்டாவது ஞாயிற்றை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு தபாலாபீஸ் போய் ஒரு கார்டு வாங்கினேன். அங்கேயே நின்று எழுதினேன். தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகம், மதுரை. இந்தச் சந்தில் இந்தக் கடையில் விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் நடக்கிறது, வேலை செய்கிற பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட விடுமுறை இல்லை, வந்து பாருங்கள். பெயர் போடவில்லை. தைரியம் அவ்வளவுதான் இருந்தது. கடை முதலாளியே கடை முதலாளி மேல் புகார் எழுதியது மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வார ஞாயிறே வந்துவிட்டார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சேலையை மாற்றக்கூட இல்லை, கொழுந்தன் சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணே! லேபர் ஆபீசர் வந்து உக்காந்திருக்காரு. முதலாளியைக் கூட்டிட்டு வாங்கறாரு. மதினி, உங்களைத்தான்."

என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. ஆட்டோவில் போகும்போது என்னிடம் பாடம் நடத்தினார். நான் ஒன்றும் பேசக் கூடாது. அவர் பேசுவார். கேட்டால் 'இன்னிக்கு மட்டும் சாமான் அடுக்கத் தொறந்தோம்' என்று சொல்ல வேண்டும்.

ஆய்வாளர் ஒல்லியாக, சாதாரணமாக இருந்தார். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிடச் சொல்லியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வேலையாட்கள் ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மூலையில் தோளில் கைப்பையோடு நின்றாள். சொல்லிக்கொடுத்தபடியே சொல்லியிருக்கிறாள், துணி எடுக்க வந்தேன் என்று.

"ஏம்மா," என்றார் ஆய்வாளர், கோபமே இல்லாமல். "துணி எடுக்க வந்தவங்க டிபன் கேரியரோடவா வருவாங்க? கழுத்துல அளவு டேப் வேற தொங்குது."

அவள் டேப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ரிஜிஸ்தரை எங்கள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் நேராக 'விடுமுறை' என்று எழுதி அவள் கையெழுத்து இருந்தது. மற்ற நாளெல்லாம் பத்து மணி முதல் ஏழு மணி, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. ஒரு நாள்கூட மாறாமல், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியது. வரப்போகும் வாரத்துக்கும் அவள் கையெழுத்து தயாராக இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்கிட்டேன்னு இப்பவே கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார். "நாலு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, ஒரு மணி நேரம் ஓய்வு விடணும். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாப்பத்தெட்டு. அதெல்லாம் இந்த ரிஜிஸ்தர்ல ரொம்ப நல்லா நடக்குது."

என் கணவர் இருமினார். "சார், நாங்க எல்லாம் முறைப்படி ரிஜிஸ்டர் பண்ணின கடை. லைசென்ஸ் இருக்கு, சேல்ஸ் டாக்ஸ் நம்பர் இருக்கு."

"அதை வேற ஆபீசுல காட்டுங்க. எங்க சட்டத்துல கடையைத் தனியாப் பதிவு பண்ணணும்னே கிடையாது. நாங்க பாக்கிறது கடை தொறக்கிற நேரம், அடைக்கிற நேரம், வேலை நேரம், லீவு. வாரத்துல ஒரு நாள் கடை முழுசா அடைச்சிருக்கணும். எந்த நாள்னு முடிவு பண்றது கூட உங்க இஷ்டம்தான், அரசாங்கம் சொல்லல. நீங்களே சொன்ன நாள், நீங்களே எழுதி மாட்டின அட்டை." அட்டையை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் பைலுக்குள் எதையோ பார்த்தார். ஒரு கார்டின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி அட்டையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"புகார் யார் குடுத்ததுன்னு நாங்க சொல்றதில்லை," என்றார், யாரும் கேட்காமலே. பைலை மூடினார்.

"அப்ப செவ்வாய்க்கிழமைன்னு மாத்திடறோம் சார்," என்றார் என் கணவர் அவசரமாக.

"மாத்தலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல மாத்த முடியாது. மாத்தினா செவ்வாய்க்கிழமை முழுசா அடைக்கணும், பாதி ஷட்டர் கிடையாது. இவங்களுக்கு அன்னிக்கு முழு நாள் லீவு, அதுக்காகச் சம்பளத்துல பிடிக்கவும் கூடாது. இதை மேயிலயே செஞ்சிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன்."

கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் வேண்டும் என்றால் அதற்கு நேரான வழி இருந்தது. ஒரு அட்டை, ஒரு கறுப்பு மை. இவருக்கு வேண்டியிருந்தது ஏழு நாளும். அந்த ஏழாவது நாளை அவளிடமிருந்து உருவிக்கொள்வதற்காக இத்தனை பொய், இத்தனை கையெழுத்து, இந்தக் கைப்பை நாடகம்! எனக்கு அந்த இடத்திலேயே ரிஜிஸ்தரைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "முதலாளி யாரு?"

"இவங்கதான். நான் சும்மா கூட வந்தேன்," என்றார் என் கணவர்.

"பேப்பர்ல இவங்க பேருதான் இருக்கு. ஆனா கடையை யார் பொறுப்பில வெச்சு நடத்துறாங்களோ அவங்களையும் முதலாளின்னுதான் சட்டம் சொல்லுது. அக்கம்பக்கத்துல கேட்டேன். வாத்தியார் சார்தான் நடத்துறார்னு சொல்றாங்க. நீங்க வாத்தியாரா?"

ஆய்வாளர் என் கணவர் பெயரை எழுதினால் காகிதம் பள்ளிக்கூடத்துக்குப் போகும், நிர்வாகம் விளக்கம் கேட்கும். இருபது வருட வேலை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு பார்வை அவர் என்னைப் பார்த்ததில்லை. கெஞ்சினார்.

"நான்தான் முதலாளி," என்றேன். "என் கையெழுத்துத்தான் அது."

"இந்தக் கடைக்கும் சாருக்கும்?"

"சம்பந்தமே இல்லை சார்," என்று அவர் முந்திக்கொண்டார். "நான் வேணும்னா எழுதியே தாரேன்."

எழுதினார். இந்தக் கடைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கடையை என் மனைவியே சொந்தப் பொறுப்பில் நடத்திவருகிறார். கையெழுத்து, தேதி. பிறகு ஆய்வாளர், சோதனைக்கு வருகிறவர்கள் குறிப்பெழுதும் விசிட் புத்தகத்தை வாங்கி, விடுமுறை நாளில் கடை திறந்திருந்தது, வேலையாள் வேலை செய்தது, விடுமுறை கொடுக்காதது, ரிஜிஸ்தர் பொய்யாக எழுதியது என்று வரிசையாகக் குறித்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்டோக்காரனுக்குக் காசு கொடுக்கும்போதே தொடங்கிவிட்டார். "கடையில இருக்கிற அவதான் எழுதிப் போட்டிருக்கா. உப்பைத் தின்னுட்டு இப்படியா? நாளையிலருந்து அவ அங்க இருக்கக் கூடாது."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. பெயர் போடாமல் கார்டு எழுதினால் பழி யார் மேல் விழும் என்று யோசிக்கக்கூடத் தெரியவில்லையே எனக்கு! ஒத்தக்கடைக்காரிக்கு ஒரு நாள் லீவு வாங்கிக் கொடுக்கப் போய் அவள் சோற்றிலேயே மண்ணைப் போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் அவர் மேல் இருந்ததைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

மறுநாள் காலை அவர் வழக்கத்தைவிட முன்னால் கிளம்பினார், பள்ளிக்குப் போகும் வழியில் கணக்கை முடித்து அனுப்பிவிட. பிள்ளைகளுக்கு இட்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. கொழுந்தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் டிபன் கேரியரோடு ஓரமாக நின்றாள்.

"சத்தியமா நான் எழுதலைங்க சார்," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஆபீசு எங்க இருக்குன்னே தெரியாது. எம்பிள்ளை மேல சத்தியம்."

"பிள்ளை மேல சத்தியம் பண்ணாதே," என்றேன் நான் பின்னாலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார் அவர்.

"சாவியைக் குடுங்க."

"என்ன?"

"கடைச் சாவி. தொறக்கணும். மணி ஒம்பதாகப் போகுது."

"வீட்டுக்குப் போ. சாயங்காலம் வந்து பேசிக்கலாம்."

"இந்தக் கடைக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு நேத்து எழுதிக் குடுத்தீங்க. அந்தக் காகிதம் லேபர் ஆபீசுல இருக்கு. சம்பந்தமில்லாதவர் கையில என் கடைச் சாவி எதுக்கு? என் கடையில வேலை பாக்கிறவளைப் போகச் சொல்ல நீங்க யாரு?"

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என் கணவருக்கு நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நம்மளைக் காட்டிக் குடுத்தவளுக்கு நீ பரிஞ்சுக்கிட்டு வாரியா?"

"காட்டிக் குடுத்தது நான். கார்டு எழுதினது நான். சந்தேகமா இருந்தா அந்த அட்டையைப் பாத்து ஒத்துப்பாத்துக்குங்க, அந்த ஆபீசர் நேத்தே பாத்துட்டாரு. அவ இல்லை. நான்."

அவர் என்னைப் பார்த்தார், சந்தில் நின்றவர்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை, ஷட்டருக்கு முன்னால் படியில் போட்டுவிட்டுப் போனார். குனிந்து எடுத்தேன். அந்தக் கடைக்காக நான் குனிந்தது அதுதான் கடைசி.

ஷட்டரைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. அவளும் ஒரு கை பிடித்தாள். கொழுந்தன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, "மதினி, நான் வரணுமா வேணாமா?" என்று கேட்டார். "வா தம்பி, ஆனா ரிஜிஸ்தரை இனிமே நான்தான் எழுதுவேன்" என்றேன்.

வழக்கு என் பேரில்தான் நடந்தது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சின்ன அபராதம். கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் அவர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். கோர்ட்டில் நின்றதற்காக ஆலயத்தில் ரெண்டு பெண்கள் என் பக்கத்தில் உட்காரவில்லை. பாதி ஷட்டருக்குள் குனிந்து டவுசர் வாங்கின அதே அம்மாவும் அதில் ஒருத்தி!

அட்டையை நான் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றே இருந்தது. சனிக்கிழமை ராத்திரி ஷட்டரை முழுக்க இறக்கி நானே பூட்டினேன். முதல் ஞாயிறு போகும் வழியில் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஆலயத்துக்குப் போனேன். சந்தில் மற்ற ஷட்டர்கள் இடுப்பு உயரத்தில் நின்றன. எங்களுக்கு வியாபாரம் குறைந்ததா என்றால் குறைந்தது. குறையட்டும்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். தலையில் எண்ணெய் தடவி, நன்றாகக் காய்ந்த முடியைத் தளரப் பின்னியிருந்தாள். கேட்கலாமா என்று தயங்கிவிட்டு, கேட்டேன்.

"பிள்ளை கிட்ட வந்துச்சா?"

"காலையில ஒளிஞ்சுக்கிருச்சுக்கா. நான் கூப்பிடல. சாயங்காலம் தானா வந்து மடியில படுத்துக்கிருச்சு. படுத்துக்கிட்டு, 'இனிமே எங்க வீட்டுக்கு டெய்லி வாரியா'ன்னு கேக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ரிஜிஸ்தரைத் திறந்தேன். சித்திரைத் திருவிழாவுக்குப் பிந்திய பக்கங்களைத் திருப்பினேன். பதிமூன்று ஞாயிறு, பதிமூன்று இடத்தில் 'விடுமுறை' என்று பொய். அதில் பதினொன்று என் பேரில் நடந்தது, எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசி இரண்டும் எனக்குத் தெரிந்தே நடந்தன.